ஒரே தேவைக்கோடு, நான்கு சந்தைகள்: விலை நெகிழ்ச்சிக் கணக்குகளும் கோட்பாட்டு வினாக்களும்

மேலாண்மைப் பொருளியல் பாடத்தில் தேவை நெகிழ்ச்சி ஒரு பாடமாகவும் சந்தை அமைப்புகள் வேறொரு பாடமாகவும் வருகின்றன. நடுவில் உற்பத்தி, செலவு என்று நிறையப் பக்கங்கள் ஓடிவிடுகின்றன. அதனால் பல மாணவர்கள் நெகிழ்ச்சியைச் சதவீதக் கணக்காகவும், சந்தை அமைப்புகளை மனப்பாடம் செய்யும் பட்டியலாகவும் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு வினா இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கை நின்றுவிடுகிறது.

உண்மையில் சந்தை அமைப்பு என்பது நெகிழ்ச்சியைப் பற்றிய கேள்விதான். ஒரு நிறுவனம் விலையைச் சற்று ஏற்றினால் அதன் விற்பனை எவ்வளவு குறையும்? நிறைவுப் போட்டி, முற்றுரிமை, சில்லோர் முற்றுரிமை, முற்றுரிமைப் போட்டி ஆகிய நான்கும் இந்தக் கேள்விக்குத் தரும் விடையில்தான் வேறுபடுகின்றன. இதைக் காட்ட ஒரே ஒரு தேவைச் சார்பை எடுத்துக்கொண்டு நான்கு சந்தைகளிலும் நடத்திப் பார்ப்போம். எண்கள் எளிதாக வரும்படி வைத்திருக்கிறேன். ஒரு தாளில் கூடவே போட்டுப் பாருங்கள்.

```
Q = 120 − 2P
MC = 20
```

Q என்பது விற்கும் அளவு, P என்பது விலை, MC என்பது இறுதிநிலைச் செலவு. கூடுதலாக ஓர் அலகு செய்ய எப்போதும் 20 ஆகிறது என்று வைத்துக்கொள்கிறோம்.

படி 1: சாய்வை எந்தப் பக்கம் எடுப்பது

நெகிழ்ச்சிக்கான வாய்பாடு இது:

```
e = (dQ/dP) × (P/Q)
```

நம் சார்பில் dQ/dP என்பது −2. விலை 40 என்றால் அளவு 120 − 80 = 40. ஆகவே e = −2 × 40/40 = −2. விலை 1 சதவீதம் ஏறினால் தேவை சுமார் 2 சதவீதம் குறையும்.

வினாத்தாளில் இதே தேவையைத் திருப்பிப் போட்டுக் கொடுப்பதும் உண்டு: P = 60 − 0.5Q. இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கண்ணில் படும் −0.5 ஐ அப்படியே வாய்பாட்டில் போட்டு, நெகிழ்ச்சி −0.5 என்று எழுதிவிடுகிறார்கள். −0.5 என்பது dP/dQ. நமக்கு வேண்டியது அதன் தலைகீழ், 1 ÷ (−0.5) = −2. சமன்பாட்டின் இடப்பக்கம் Q தனியாக நிற்கிறதா, P தனியாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். P நின்றால் தலைகீழாக்கிவிட்டு மேலே போங்கள்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாய்வு வேறு, நெகிழ்ச்சி வேறு. இந்த நேர்கோட்டின் சாய்வு எங்கும் ஒன்றுதான், நெகிழ்ச்சி மட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் மாறும். விலை 40 இல் −2. விலை 30 இல் அளவு 60, அங்கே −1. விலை 20 இல் அளவு 80, அங்கே −0.5. காரணம் P/Q என்ற விகிதம். மேலே விலை பெரிது, அளவு சிறிது. கீழே இறங்க இறங்க அது தலைகீழாகிறது. "இந்தப் பொருளின் தேவை நெகிழ்ச்சியுள்ளது" என்று பொதுவாகச் சொல்வதை விட, எந்த விலையில் என்று சேர்த்துச் சொல்வதே சரி.

படி 2: புள்ளியா, வில்லா

இரண்டு விலைகளும் இரண்டு அளவுகளும் மட்டும் கொடுத்து நெகிழ்ச்சி கேட்டால் என்ன செய்வது? விலை 40 இலிருந்து 30 க்குக் குறைகிறது, விற்பனை 40 இலிருந்து 60 ஆக உயர்கிறது என்று வைப்போம். பழைய எண்ணை அடிப்படையாக வைத்தால் அளவு 50 சதவீதம் கூடியது, விலை 25 சதவீதம் குறைந்தது, நெகிழ்ச்சி −2. அதே மாற்றத்தை எதிர்த்திசையில் பாருங்கள். விலை 30 இலிருந்து 40 க்கு ஏறுகிறது, அதாவது 33.3 சதவீதம். விற்பனை 60 இலிருந்து 40 ஆகிறது, அதுவும் 33.3 சதவீதம். நெகிழ்ச்சி −1.

ஒரே கோட்டில், ஒரே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, திசை மாறினால் விடை மாறுகிறது. நம் கோடு நேர்கோடாக இருப்பதால் இந்த இரண்டு விடைகளும் இரண்டு முனைகளின் புள்ளி நெகிழ்ச்சிகளாகவே வந்து நிற்கின்றன. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதுதான் வில் நெகிழ்ச்சி. மாற்றத்தைப் பழைய எண்ணாலோ புதிய எண்ணாலோ வகுக்காமல் இரண்டின் சராசரியால் வகுக்கிறோம்.

```
அளவு:  +20 ÷ 50 = 0.400
விலை:  −10 ÷ 35 = −0.286
e = 0.400 ÷ (−0.286) = −1.4
```

விலை மாற்றம் பெரிதாக இருந்து, தேவைச் சார்பு தரப்படாவிட்டால் வில் நெகிழ்ச்சியைப் பயன்படுத்துங்கள். சார்பு கொடுத்து ஒரு குறிப்பிட்ட விலையில் கேட்டால் புள்ளி நெகிழ்ச்சி. வினாவிலேயே முறையைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எந்த முறை என்பதை விடையில் ஒரு வரியில் எழுதிவிடுவதும் நல்லது.

விடை சரியா என்று பார்க்க மொத்த வருவாய் உதவும். 40 × 40 = 1600, 30 × 60 = 1800. விலை குறைந்தும் வருவாய் கூடியிருக்கிறது, ஆகவே வில் நெகிழ்ச்சியின் எண் மதிப்பு 1 ஐ விட அதிகமாக இருந்தே தீர வேண்டும். 1.4 பொருந்துகிறது. 0.7 என்று வந்திருந்தால் எங்கோ தலைகீழாக வகுத்துவிட்டோம் என்று பொருள்.

படி 3: நெகிழ்ச்சியிலிருந்து இறுதிநிலை வருவாய்க்கு

மீதி எல்லாம் தொங்கும் கொக்கி இந்தப் படிதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு நிறுவனம் 40 அலகு விற்கிறது, விலை 40. இன்னும் ஓர் அலகு விற்க வேண்டுமானால் விலையை 39.5 ஆக்க வேண்டும். 41 ஆவது அலகு 39.5 ஐக் கொண்டுவருகிறது. ஆனால் முந்தைய 40 அலகுகள் ஒவ்வொன்றிலும் 0.5 போய்விட்டது, அது மொத்தம் 20. நிகரமாகக் கிடைத்தது 19.5. வருவாய் 1600 இலிருந்து 1619.5 ஆகியிருப்பதைப் பெருக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். மாற்றத்தை மிகச் சிறியதாக்கினால் இந்த 19.5 சரியாக 20 ஆகும். அதுதான் அந்த இடத்தில் இறுதிநிலை வருவாய், அதை MR என்று எழுதுவோம்.

இதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன: புதிய அலகால் வந்தது, பழைய அலகுகளில் போனது. இரண்டாவது பகுதி எவ்வளவு பெரியது என்பதை நெகிழ்ச்சியே முடிவு செய்கிறது. ஓர் அலகைக் கூடுதலாக விற்க விலையைக் கொஞ்சமே குறைத்தால் போதும் என்றால் இழப்பு சிறிது. நிறையக் குறைக்க வேண்டுமானால் இழப்பு பெரிது. வாய்பாடாக எழுதினால்:

```
MR = P × (1 − 1/|e|)
```

இங்கே |e| என்பது குறியை நீக்கிய மதிப்பு. சில நூல்களில் குறியோடு 1 + 1/e என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், ஒரே விடைக்குள் கலக்காமல் இருந்தால் போதும். விலை 40 இல் |e| = 2. MR = 40 × (1 − 1/2) = 20. கையால் எண்ணிக் கண்ட அதே 20.

|e| சரியாக 1 ஆனால் MR சுழி, அங்கே மொத்த வருவாய் உச்சத்தில் இருக்கும். நம் கோட்டில் அது விலை 30, அளவு 60. |e| ஒன்றுக்குக் கீழே போனால் MR எதிர்மறை, கூடுதலாக விற்க விற்க வருவாய் குறையும்.

படி 4: முற்றுரிமை

சந்தை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் சந்தையின் தேவைக்கோடே அதன் தேவைக்கோடு. லாபம் உச்சமாக MR = MC. தேவையைத் திருப்பி எழுதி, Q வின் கெழுவை இரட்டிப்பாக்கினால் நேர்கோட்டுக்கு MR கிடைத்துவிடும்.

```
P = 60 − 0.5Q
MR = 60 − Q
60 − Q = 20  →  Q = 40,  P = 60 − 20 = 40
```

பலர் Q = 40 கண்டதும் அதை MR சமன்பாட்டில் போட்டு விலை 20 என்று எழுதிவிடுகிறார்கள். அளவை MR கோட்டிலிருந்து எடுக்கிறோம், விலையைத் தேவைக்கோட்டிலிருந்து படிக்கிறோம். படம் வரைந்தால் இந்தத் தவறு வராது. வெட்டும் புள்ளியிலிருந்து நேரே மேலே ஏறித் தேவைக்கோட்டைத் தொட வேண்டும்.

மாறாச் செலவு 300 என்றால் லாபம் (40 − 20) × 40 − 300 = 500. மாறாச் செலவு எவ்வளவாக மாறினாலும் விலையும் அளவும் மாறாது, லாபம் மட்டும் மாறும். இதையே தனி வினாவாகக் கேட்பதுண்டு. காரணம் எளிது: கூடுதல் ஓர் அலகு பற்றிய முடிவில் மாறாச் செலவுக்கு இடமே இல்லை.

இப்போது சரிபார்ப்பு. விலைக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் உள்ள இடைவெளியை விலையால் வகுத்தால் (40 − 20)/40 = 0.5. இதை 1934 இல் ஆபா லெர்னர் சந்தை ஆதிக்கத்தின் அளவுகோலாக முன்வைத்தார், லெர்னர் குறியீடு என்கிறோம். MR = MC ஆகும் இடத்தில் இது 1/|e| க்குச் சமமாக இருக்க வேண்டும். 1/2 = 0.5, சரி. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் ஆகும், படி 1 இல் சொன்ன தலைகீழ்ப் பிழையையும் பிடித்துக்கொடுத்துவிடும். நெகிழ்ச்சியை 0.5 என்று தவறாக எடுத்தவருக்கு 1/|e| = 2 என்று வரும். விலைக்கு மேல் இடைவெளி இருக்க முடியாது, ஆகவே எங்கோ பிழை.

அடுத்து ஓர் எச்சரிக்கை. MR = MC என்பதை மாற்றி எழுதினால் விலை வாய்பாடு ஒன்று கிடைக்கும்:

```
P = MC ÷ (1 − 1/|e|)
```

e = −2, MC = 20 என்று கொடுத்தால் 20 ÷ 0.5 = 40. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இதில் போட வேண்டிய நெகிழ்ச்சி, விடையாக வரப்போகும் விலையில் உள்ள நெகிழ்ச்சி. இன்று இருக்கும் விலையில் உள்ளதைப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நிறுவனம் இப்போது 36 க்கு விற்கிறது, அளவு 48, |e| = 2 × 36/48 = 1.5. வாய்பாட்டில் போட்டால் 20 ÷ (1/3) = 60. விலை 60 இல் ஒரு அலகுகூட விற்காது!

வாய்பாட்டில் தவறில்லை. விலையை ஏற்றும்போது நெகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது, அதை நாம் மறந்துவிட்டோம். எல்லா விலையிலும் நெகிழ்ச்சி மாறாத தேவை, உதாரணமாக Q = 1000/P² போன்றது என்றால், கொடுத்த எண்ணை நேரடியாகப் போடலாம். நேர்கோட்டுத் தேவைக்கு இன்றைய நெகிழ்ச்சி திசையை மட்டுமே சொல்லும். விலை 36 இல் MR = 36 × (1 − 1/1.5) = 12, அது 20 ஐ விடக் குறைவு. ஆகவே விற்பனையைக் குறைத்து விலையை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு என்பதை MR = MC போட்டே காண வேண்டும்.

படி 5: நிறைவுப் போட்டி, இரண்டு நெகிழ்ச்சிகள்

அதே தேவை, ஆனால் இப்போது எண்ணற்ற சிறு நிறுவனங்கள். ஒவ்வொன்றின் மிகக்குறைந்த சராசரிச் செலவு 20 என்று வைப்போம். நீண்டகாலத்தில் புது நிறுவனங்கள் நுழைந்துகொண்டே இருப்பதால் விலை 20 க்கு வந்து நிற்கும், மொத்த அளவு 80.

அந்த இடத்தில் சந்தைத் தேவையின் நெகிழ்ச்சி −2 × 20/80 = −0.5. ஆனால் நிறைவுப் போட்டியில் தேவை முற்றிலும் நெகிழ்ச்சியுள்ளது என்று படித்திருக்கிறோமே, எது சரி? இரண்டும் சரிதான். −0.5 என்பது சந்தை முழுவதும் சேர்ந்து விலை ஏறினால் நடப்பது. முடிவிலி நெகிழ்ச்சி என்பது ஒரு நிறுவனம் மட்டும் தனியே ஏற்றினால் நடப்பது, வாங்குபவர்கள் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். எந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் "தேவை நெகிழ்ச்சியுள்ளது" என்று எழுதும் விடை அரைகுறையாகவே நிற்கும்.

|e| முடிவிலி ஆகும்போது 1/|e| சுழி ஆகிறது, MR = P. MR = MC என்ற அதே விதி இங்கே P = MC ஆகிவிடுகிறது. நிறைவுப் போட்டிக்கென்று தனியாக ஒரு விதி கிடையாது.

முற்றுரிமையோடு ஒப்பிடச் சொன்னால், போட்டியில் நுகர்வோர் உபரி ½ × (60 − 20) × 80 = 1600. முற்றுரிமையில் அது ½ × (60 − 40) × 40 = 400. குறைந்த 1200 இல் 800 நிறுவனத்துக்குப் போகிறது. மீதி 400 யாருக்கும் போகாமல் அழிகிறது, ½ × 20 × 40 என்ற முக்கோணம் அது. மூன்று பகுதிகளையும் கூட்டி 1600 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: சில்லோர் முற்றுரிமை

எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். இங்கே முன்பு கற்றது எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேருகிறது.

சந்தையில் இரண்டு நிறுவனங்கள், பொருள் ஒன்றே, செலவும் ஒன்றே. மற்றவர் எவ்வளவு செய்வார் என்பதைக் கொடுக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தம் அளவை முடிவு செய்கிறார்கள். 1838 இல் ஆன்ட்வான் ஓகுஸ்தென் கூர்னோ தந்த மாதிரி இது.

```
P = 60 − 0.5(q1 + q2)
MR1 = 60 − q1 − 0.5·q2
60 − q1 − 0.5·q2 = 20  →  q1 = 40 − 0.5·q2
q1 = q2 = q எனில்  1.5q = 40  →  q = 26.67
```

மொத்த அளவு 53.33, விலை 33.33. முற்றுரிமையின் 40 க்கும் போட்டியின் 20 க்கும் நடுவில் வருகிறது. அப்படி நடுவில் வராவிட்டால் கணக்கில் பிழை. இரண்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி இருப்பதால்தான் கடைசி வரியில் q1 = q2 என்று போட்டோம். செலவுகள் வேறானால் இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: MR கண்ட பிறகுதான் q1 = q2 என்று போடலாம். முன்பே போட்டுவிட்டால் இருவரும் ஒரே நிறுவனம்போல் நடப்பதாக ஆகி, முற்றுரிமை விடையே வந்துவிடும்.

இப்போது நெகிழ்ச்சி. சந்தையின் |e| = 2 × 33.33/53.33 = 1.25. தனி நிறுவனத்துக்கு அளவு பாதி, ஆகவே அதன் |e| = 2 × 33.33/26.67 = 2.5. லெர்னர் குறியீடு 13.33/33.33 = 0.4, அது 1/2.5. பொருந்துகிறது. பொது விதி இதுதான்: கூர்னோ சந்தையில் நிறுவனத்தின் நெகிழ்ச்சியைப் பெற, சந்தை நெகிழ்ச்சியை அந்த நிறுவனத்தின் சந்தைப் பங்கால் வகுக்க வேண்டும். நான்கு நிறுவனங்கள் என்றால் மொத்த அளவு 64, விலை 28, சந்தையின் |e| = 0.875, நிறுவனத்தின் |e| = 3.5. சந்தை நெகிழ்ச்சியற்ற பகுதிக்குள் வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் நெகிழ்ச்சியுள்ள கோட்டில்தான் நிற்கிறது. நிறுவனங்கள் கூடக் கூட இது நிறைவுப் போட்டியை நோக்கி நகர்வதை எண்களிலேயே பார்க்கலாம்.

"கூட்டணி ஏன் நிலைப்பதில்லை" என்ற கோட்பாட்டு வினாவுக்கும் இதே கருவி போதும். இருவரும் பேசி வைத்து ஆளுக்கு 20 செய்கிறார்கள், விலை 40, மாறாச் செலவுக்கு முன் ஆளுக்கு லாபம் 400. ஆனால் தனியாக ஒருவரின் |e| = 2 × 40/20 = 4, MR = 40 × ¾ = 30. செலவோ 20 தான். கூடுதலாக ஓர் அலகு விற்றால் 10 மிச்சம் என்று இருவருக்கும் தெரிகிறது. ஒருவர் மட்டும் 30 ஆக உயர்த்தினால் விலை 35 ஆகும், அவருக்கு லாபம் 450, வாக்கைக் காப்பாற்றியவருக்கு 300. கூட்டணியாகச் சேர்ந்து பார்க்கும் நெகிழ்ச்சி 2, தனித்தனியாகப் பார்க்கும் நெகிழ்ச்சி 4. இந்த இடைவெளிதான் உடன்பாட்டை அரிக்கிறது. இந்த எண்களோடு எழுதினால் "நம்பிக்கையின்மை" போன்ற பொதுச் சொற்கள் தேவைப்படாது.

முறிவுத் தேவைக்கோட்டை, பால் ஸ்வீசி 1939 இல் முன்வைத்ததை, சுருக்கமாகப் பார்த்துவிடலாம். விலை 40 இல் முறிவு. ஏற்றினால் போட்டியாளர்கள் பின்தொடர மாட்டார்கள், |e| = 4. குறைத்தால் அவர்களும் குறைப்பார்கள், |e| = 1.25. ஆகவே முறிவுக்கு மேலே MR = 30, கீழே MR = 40 × 0.2 = 8. இறுதிநிலைச் செலவு 8 க்கும் 30 க்கும் இடையே எங்கே நகர்ந்தாலும் விலை அசையாது. விலை ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை இது விளக்குகிறது. அந்த 40 எப்படி வந்தது என்பதை விளக்கவில்லை, இந்தக் குறையையும் விடையில் எழுதுங்கள்.

படி 7: முற்றுரிமைப் போட்டி

எட்வர்ட் சேம்பர்லின் 1933 இல் விரித்துச் சொன்ன அமைப்பு. பொருள்கள் சற்றே வேறுபட்டவை, நுழைவு தடையில்லாதது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கீழ்நோக்கிச் சரியும் தேவைக்கோடு உண்டு, ஆனால் லாபம் இருக்கும் வரை புதியவர்கள் வந்து அந்தக் கோட்டை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

அப்படித் தள்ளித் தள்ளி ஒரு நிறுவனத்தின் கோடு கடைசியில் Q = 120 − 2P என்று வந்து நின்றதாக வைப்போம், அதன் மாறாச் செலவு 800. லாபம் உச்சமாகும் அளவு முன்போலவே 40, விலை 40. சராசரிச் செலவு 20 + 800/40 = 40. விலையும் சராசரிச் செலவும் சமம், லாபம் சுழி. சராசரிச் செலவின் சாய்வு −800/40² = −0.5, தேவைக்கோட்டின் சாய்வும் −0.5. இரண்டும் வெட்டிக்கொள்ளவில்லை, தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நீண்டகாலச் சமநிலைப் படத்தில் வரையும் தொடுநிலை இதுதான்.

அந்தப் புள்ளியில் சராசரிச் செலவு இன்னும் இறங்கிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். கூடுதலாகச் செய்தால் மலிவாகச் செய்யலாம், ஆனால் விற்க முடியாது. மிகுதித் திறன் என்பது இதைத்தான் சொல்கிறது. மாணவர் ஒருவர் "லாபம் சுழி, ஆகவே P = MC" என்று எழுதியிருந்தார். P = 40, MC = 20. சுழி லாபம் என்பது P = AC என்ற செய்தி மட்டும்தான், AC என்பது சராசரிச் செலவு. நெகிழ்ச்சி முடிவிலியாக இல்லாதவரை விலை இறுதிநிலைச் செலவுக்கு மேலேதான் நிற்கும்.

படி 8: கோட்பாட்டு விடையை எழுதுவது

"முற்றுரிமையாளர் ஏன் தேவைக்கோட்டின் நெகிழ்ச்சியற்ற பகுதியில் உற்பத்தி செய்வதில்லை?" என்று கேட்டால் இப்படி எழுதலாம்:

"நெகிழ்ச்சி ஒன்றுக்குக் குறைவாக உள்ள பகுதியில் இறுதிநிலை வருவாய் எதிர்மறையாக இருக்கும். அங்கே உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றினால் மொத்த வருவாய் கூடும், மொத்தச் செலவு குறையும், ஆகவே லாபம் கட்டாயம் கூடும். இறுதிநிலைச் செலவு எதிர்மறையாக இருக்க முடியாது என்பதால் MR = MC அந்தப் பகுதியில் நிகழவே முடியாது. செலவு சுழியாக இருந்தால் நெகிழ்ச்சி சரியாக ஒன்றாக உள்ள புள்ளியில் நிற்பார், செலவு இருந்தால் அதற்கும் மேலே."

இந்த விடையில் முதலில் கூற்று, பிறகு அது ஏன் என்பதற்கான நடைமுறைக் காரணம், அப்புறம் எல்லை நிலை என்று போகிறது. வரையறையை எழுதி நிறுத்திவிடும் விடைகளில் இல்லாதது நடுவில் உள்ள அந்தக் காரணம்தான். "அத்தியாவசியப் பொருள், ஆகவே முற்றுரிமையாளர் நெகிழ்ச்சியற்ற பகுதியில் விற்பார்" என்ற தவறான வாதத்துக்கும் இதுவே பதில். தேவை நெகிழ்ச்சியற்றிருந்தால் அவர் விலையை இன்னும் ஏற்றுவார், நெகிழ்ச்சியுள்ள பகுதி வரும்வரை.

விலை பேதம் பற்றிய வினாவும் அதே வாய்பாட்டில் அடங்கும். இரண்டு சந்தைகள், MC = 20, சமநிலையில் |e| முறையே 2, 5. விலைகள் 20 ÷ 0.5 = 40, 20 ÷ 0.8 = 25. நெகிழ்ச்சி குறைந்த சந்தையில் விலை கூடுதல். 25 க்கு வாங்கியவர் 40 க்கு மறுவிற்பனை செய்ய முடியாதபடி சந்தைகள் பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கடைசியாக, "முற்றுரிமையாளருக்கு அளிப்புக்கோடு இல்லை, விளக்குக" என்ற வினா. சொற்களால் சுற்றி வளைப்பதை விட ஓர் எடுத்துக்காட்டு வேலையை முடித்துவிடும். MC = 20, தேவை P = 60 − 0.5Q என்றால் அளவு 40, விலை 40. இப்போது தேவை P = 40 − 0.25Q என்று மாறட்டும்.

```
MR = 40 − 0.5Q = 20  →  Q = 40
P = 40 − 10 = 30
|e| = 4 × 30/40 = 3,   20 ÷ (1 − 1/3) = 30
```

அதே நிறுவனம், அதே செலவு, அதே 40 அலகு. முதல் தேவையில் விலை 40, இரண்டாவதில் 30. ஓர் அளவுக்கு ஒரே விலை என்று சொல்ல முடியாதபோது அளிப்புக்கோடு என்று ஒன்றை வரைய முடியாது. விலையை வேறாக்கியது செலவு அல்ல, 2 க்குப் பதில் 3 ஆக மாறிய நெகிழ்ச்சி.